ஒரு ‘ஏன்’ முடிவதற்குள் அடுத்த ‘ஏன்’

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் (பழைய ஆட்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள்) பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். காலையில் பிள்ளையை மோட்டாரிலிருந்து இறக்கிவிடும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு. “டீச்சர், எதச் சொன்னாலும் ஏன்னு கேக்குறான். பதில் சொன்னா அதுக்கும் ஏன். வேணும்னே செய்றானா?”

பெரும்பாலும் இல்லை. பிள்ளை எதற்காக அப்படிக் கேட்கிறது என்பதை எளிதாகக் கண்டுபிடிக்கவும் முடியும். அதற்கு முதல் ‘ஏன்’ உதவாது. பதில் சொன்ன பிறகு வரும் இரண்டாவது ‘ஏன்’ எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். முன்பு கேட்ட இடத்திலேயே அது நிற்கிறதா, நாம் சொன்ன பதிலுக்குள் புகுந்து அடுத்த படிக்கு இறங்குகிறதா? இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஏறக்குறைய இரண்டு வயதில் பிள்ளைகள் கேட்பது ‘இது என்ன’, ‘அம்மா எங்க’ என்ற வகைக் கேள்விகள்தான். பொருளுக்குப் பெயர் வேண்டும், ஆள் இருக்கும் இடம் தெரிய வேண்டும், அவ்வளவே. இரண்டரை, மூன்று வயதை ஒட்டி ‘ஏன்’, ‘எப்படி’ வரத் தொடங்குகின்றன. அமெரிக்க ஆய்வாளர் மிஷெல் ஷுயினார்ட் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு பிள்ளைகளின் வீட்டுப் பேச்சுப் பதிவுகளை எடுத்து அவர்கள் கேட்ட கேள்விகளை எண்ணினார். பெரியவரோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், எதையாவது தெரிந்துகொள்ளவே கேட்ட கேள்விகள் மட்டும் மணிக்குச் சராசரியாக 76 வந்தன. நாலே பிள்ளைகள், அதுவும் அமெரிக்க வீடுகள், ஆகவே அந்த எண்ணை நம் வீட்டுக்கு அப்படியே கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் “என் பிள்ளை மட்டும்தான் இப்படி” என்று கவலைப்படும் அம்மாவுக்கு நான் அதைச் சொல்வதுண்டு.

இரண்டாவது ‘ஏன்’ பற்றிய முக்கியமான வேலையை 2009-இல் பிராண்டி ஃப்ரேசியர், சூசன் கெல்மன், ஹென்றி வெல்மன் ஆகிய மூவரும் செய்தார்கள். அவர்கள் கேள்விகளை எண்ணுவதோடு நிற்கவில்லை. கேள்விக்குக் கிடைத்த பதில் எப்படிப்பட்டது, அந்தப் பதிலைக் கேட்டதும் பிள்ளை என்ன செய்தது என்று தொடர்ந்து போனார்கள். ஒரு பகுதியில் இரண்டு முதல் நான்கு வயது வரையிலான ஆறு பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு. இன்னொரு பகுதியில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 42 பேர். இவர்களுக்குப் பொம்மையிலும் கதையிலும் வீடியோவிலும் விசித்திரமான எதையாவது காட்டிக் கேள்வி கேட்க வைத்தார்கள். சில சமயம் உண்மையான காரணத்தைச் சொன்னார்கள். சில சமயம் காரணமே இல்லாத பதிலைச் சொல்லி விட்டுவிட்டார்கள்.

காரணம் கிடைத்த பிள்ளைகள் பெரும்பாலும் தலையாட்டினார்கள், அல்லது அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். காரணம் கிடைக்காதவர்கள் முதல் கேள்வியையே திரும்பக் கேட்டார்கள், அல்லது தாங்களே ஒரு காரணத்தைச் செய்து சொன்னார்கள். பேச்சை நீட்டிக்க வேண்டும், பெரியவர் தன்னைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால், எந்தப் பதில் வந்தாலும் பிள்ளை ஒரே மாதிரிதான் நடந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. தனக்கு வந்தது காரணமா வெறும் பேச்சா என்று மூன்று வயதுப் பிள்ளைக்கே தெரிகிறது.

இது வீட்டில் எப்படி இருக்கும் என்று ஒரு பேச்சை வைத்தே பார்ப்போம். எங்கள் பள்ளிக்கு வரும் நாலரை வயதுச் சிறுமி, அவளுடைய தாத்தா. தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இந்தப் பக்கம் செம்பனை புதிதல்ல. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டம் இங்கேதான் 1917-இல் போடப்பட்டது. இருந்தாலும் தாத்தா வேலை பார்த்த தோட்டத்தில் அந்தக் காலத்தில் பால்மரம்தான். இப்போது அங்கேயும் செம்பனை. பால் வடியும் மங்குக் கிண்ணத்தையும் ஒட்டுப்பாலையும் பேத்தி கண்ணால் பார்த்ததில்லை. நாலு மணிக்கு எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போனதை அவர் அன்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஏன் தாத்தா இருட்டுல போனீங்க?”

“அப்பல்லாம் அப்படித்தான் ஆயி.”

“ஏன் இருட்டுல போனீங்க?”

“கங்காணி வரச் சொல்லுவாரு. போவோம்.”

“வெயில் மரத்துக்குச் சுடுமா? அதான் இருட்டுல போனீங்களா?”

“இல்ல, இல்ல. வெயில் ஏறிட்டா பால் சரியா வராது. விடியக்காலந்தான் நல்லா வழியும்.”

“வெயில்ல ஏன் வராது?”

“வெயில்ல மரத்துத் தண்ணியெல்லாம் இலை வழியா ஆவியாப் போயிடும். உள்ள இறுக்கம் கொறஞ்சிரும். ராத்திரி தண்ணியக் குடிச்சுட்டு ஊதுன பலூன் மாதிரி விம்மிக்கிட்டு நிக்கும். அப்ப கத்தி வச்சா பால் பீறிக்கிட்டு வரும்.”

“தண்ணி எப்படி இலைக்குப் போச்சு?”

“வேர்லேருந்து மேல ஏறும்.”

“ஏன் மேல ஏறும்? தண்ணி கீழதான போகும்?”

“அது எனக்குத் தெரியல ஆயி. டீச்சரக் கேளு.”

தூரத்திலிருந்து கேட்டால் ஒரு கிழவரைப் பேத்தி படுத்துகிறாள் என்றுதான் தோன்றும். வரிவரியாகப் பார்த்தால் வேறு கதை.

‘அப்பல்லாம் அப்படித்தான்’ என்பதில் காரணமே இல்லை. அதனால் அவள் அதே கேள்வியை, ஏறக்குறைய அதே சொற்களில் திரும்பக் கேட்கிறாள். பிடிவாதம் என்று நாம் நினைப்பது இந்த இடத்தைத்தான். அடுத்த பதில் கொஞ்சம் நுட்பமானது. ‘கங்காணி வரச் சொல்லுவாரு’ என்பது பொய்யில்லை, ஒருவகையில் காரணமும்கூட. ஆனால் அவள் கேட்டது இருட்டைப் பற்றி. யார் சொல்லிப் போனார்கள் என்பது தெரிந்துவிட்டது, இருட்டுக்கும் பாலுக்கும் என்ன தொடர்பு என்பது இன்னும் தெரியவில்லை. இரண்டு முறை கேட்டும் கிடைக்காததால் தானே ஒன்றைச் செய்கிறாள்: வெயில் மரத்துக்குச் சுடும். வெயிலில் நின்றால் தனக்குச் சுடுகிறது, மரத்துக்கும் அப்படித்தான் இருக்கும். தவறான காரணம்தான், ஆனால் வெறும் கற்பனை இல்லை. வெயில்தான் காரணம் என்பதை அவள் சரியாகவே பிடித்துவிட்டாள்.

அதன் பிறகுதான் தாத்தா மனம் இளகி உண்மையான காரணத்தைச் சொல்கிறார். உடனே கேள்வியின் போக்கு மாறிவிடுவதைப் பாருங்கள். இருட்டைப் பற்றி அவள் மறுபடி வாயே திறக்கவில்லை. அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. இனி ஒவ்வொரு கேள்வியும் தாத்தா கடைசியாகச் சொன்ன வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இறங்குகிறது. வெயிலில் பால் வராது என்றார். வெயிலில் ஏன் என்றாள். இலை வழியாகத் தண்ணீர் போகும் என்றார். இலைக்கு எப்படி வந்தது என்றாள். இங்கே ‘ஏன்’ ‘எப்படி’யாக மாறியதையும் கவனிக்கலாம். எது வேண்டும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘தண்ணி கீழதான போகும்?’ குளியலறையிலும் கால்வாயிலும் அவள் பார்த்த தண்ணீர் எல்லாம் கீழேதான் ஓடியிருக்கிறது. அவளுக்கு அது ஒரு விதி. தாத்தா சொன்னது அந்த விதிக்கு எதிராக இருக்கிறது. தனக்கு ஏற்கெனவே தெரிந்ததும் இப்போது கேட்டதும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் இந்த வயதில் நல்ல ‘ஏன்’கள் பிறக்கின்றன. ஒன்றும் தெரியாததால் பிள்ளை கேட்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஏதோ ஒன்று தெரிந்திருப்பதால்தான் கேட்க முடிகிறது.

கேள்வி பிள்ளைக்கு என்ன செய்கிறது

இந்தச் சிறுமி பால்மரத்தின் பட்டைக்குள் கையைவிட்டுப் பார்க்க முடியாது. இலையிலிருந்து ஆவி போவதைக் கண்ணால் காண முடியாது. தாத்தாவின் விடியற்காலம் முடிந்தே போய்விட்டது. தொட்டுப் பார்த்தும் உடைத்துப் பார்த்தும் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு உலகத்தின் பெரும்பகுதி எட்டாத இடத்தில் இருக்கிறது. அங்கே போக அவளிடம் இருக்கும் ஒரே வழி, போனவரிடம் கேட்பதுதான். சும்மா கதையாகக் கேட்டால் சொல்பவர் தனக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டுப் போவார். கேள்வி கேட்டால் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேயே பதிலைக் கொண்டுவர முடியும். தாத்தா கத்தியைப் பற்றியும் வாளியைப் பற்றியும் பத்து நிமிடம் பேசியிருக்கலாம். அவளுக்கு ஓட்டை இருந்தது இருட்டில்.

அப்படி ஓட்டையில் வந்து விழுந்த பதில் மனத்தில் தங்கவும் செய்கிறது. அதே மூவர் 2016-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பிள்ளைகள் திருப்தியான விளக்கங்களை அதிகம் விரும்பியதோடு அவற்றை நன்றாக நினைவும் வைத்திருந்தார்கள். இது நமக்கே அனுபவத்தில் தெரிந்ததுதான். கேட்டு வாங்கிய பதில் மறக்காது, கேட்காமல் கிடைத்த அறிவுரை மறந்துவிடும்.

படிப்படியாக இறங்குவதில் இன்னொரு பயன் இருக்கிறது. ‘இருட்டில் பால் வெட்டுவார்கள்’ என்பது தனியாக ஒரு செய்தி. அதைக்கொண்டு வேறெதையும் யோசிக்க முடியாது. ‘மரத்துக்குள் தண்ணீர் நிறைந்து இறுக்கமாக இருக்கும்போது பால் வழியும்’ என்பது கிடைத்துவிட்டால் அவளால் தானே முன்கூட்டிச் சொல்ல முடியும். மழையே பெய்யாத நாட்களில் பால் குறையுமா? குறையும். இலையெல்லாம் உதிர்ந்து தளிர்விடும் காலத்தில்? அப்போதும் குறையும்; பல தோட்டங்களில் அந்தச் சமயம் வெட்டையே நிறுத்திவைப்பார்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது ஏன் வெட்டுவதில்லை என்பதற்கு மட்டும் இந்தக் காரணம் பொருந்தாது. அங்கே மரம் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் ஈரப் பட்டையில் பால் வெட்டுக் கோட்டிலிருந்து விலகி வழிந்து ஓடிவிடும், மங்கில் விழுந்ததையும் மழைநீர் அடித்துக்கொண்டு போய்விடும். எந்தக் காரணம் எதுவரை செல்லும் என்பதும் இப்படிக் கேட்டுக்கேட்டுத்தான் பிடிபடுகிறது.

மூன்றாவதாக ஒன்று, பெரியவர்களுக்கு அவ்வளவு பிடிக்காதது: பிள்ளை நம்மையும் எடை போடுகிறது. கேத்லீன் கோரிவோ, கேட்லின் குர்குல் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வயது, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு பேரைக் காட்டினார்கள். ஒருவர் உண்மையான காரணம் சொல்வார். மற்றவர் கேள்வியையே திருப்பிப் போட்டுப் பதில் போலச் சொல்வார். ‘மழை ஏன் பெய்யுது’ என்றால் ‘மேலேருந்து தண்ணி விழுதுல்ல, அதான்’ என்கிற மாதிரி. பிறகு புதிதாக ஒன்றைக் கற்க வேண்டி வந்தபோது, சுற்றிவளைக்காமல் காரணம் சொன்னவரையே பிள்ளைகள் அதிகம் நாடினார்கள். நம் வீடுகளில் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பதன் ரகசியம் இதுதான். அப்பாவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, அதையே பெரியம்மாவிடமும் போய்க் கேட்கும் பிள்ளை குறும்பு செய்யவில்லை.

‘நமக்குக் குடுக்கத்தான்’

தாத்தா அனுப்பிய கேள்வி மறுநாள் வகுப்புக்கு வந்தது. வரும்போது தண்ணீரை விட்டுவிட்டுப் பாலைப் பிடித்துக்கொண்டு வந்தது: “டீச்சர், மரம் எதுக்கு பால் வச்சிருக்கு?” நான் வாயெடுக்கும் முன்பே பக்கத்தில் இருந்த பையன் சொன்னான்: “டயர் செய்யத்தான்.” இன்னொருத்தி: “நமக்குக் குடுக்கத்தான்.”

இதுவும் இந்த வயதுக்கே உரியது. எல்லாமே எதற்காகவோ இருக்கிறது என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். மலை ஏறுவதற்கு, மேகம் மழை பெய்வதற்கு. டெபோரா கெலமன் 1999-இல் செய்த ஆய்வில், பாறைகள் ஏன் கூராக இருக்கின்றன என்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டார். காலப்போக்கில் மண்ணும் துகள்களும் சேர்ந்து அப்படி ஆயிற்று என்பதும் ஒரு பதிலாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும், அரிப்பு எடுக்கும் விலங்குகள் முதுகைச் சொறிந்துகொள்ளத்தான் என்ற பதிலையே பிள்ளைகள் பெரிதும் விரும்பினார்கள். பெரியவர்கள் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை.

இதைத் தவறு என்று அடித்துத் திருத்த வேண்டியதில்லை. அதேசமயம் ‘ஆமா, நமக்காகத்தான்’ என்று மூடிவிடவும் கூடாது. யாருக்குப் பயன் என்பதைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். “நாம வெட்றதுக்கு முன்னாடியும் மரத்துல பால் இருந்துச்சே. அப்ப யாருக்கு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருவன் “மரத்துக்கேவா?” என்றான். பூச்சி பட்டையைக் கடித்தால் பால் வந்து அதன் வாயில் ஒட்டிக்கொள்ளும், காயம் பட்ட இடத்தையும் கட்டியாகி மூடும் என்று சொன்னேன். எந்தப் பூச்சி, வாய் ஒட்டினால் அது எப்படிச் சாப்பிடும், செத்துப்போகுமா என்று அன்றைய ஓய்வு நேரம் முழுவதும் அதே பேச்சு. இந்த இடத்தில் பாடத்திட்டம் கொஞ்சம் பின்னால் நின்றது. எனக்கு வருத்தமில்லை.

தாத்தா நின்ற இடம்

பெரியவர்களுக்குக் கோபம் வருவது பொதுவாக மூன்றாவது அல்லது நாலாவது ‘ஏன்’னில். பிள்ளையின் குரல் அப்படியேதான் இருக்கிறது; நம் கையிருப்புதான் தீர்ந்துவிடுகிறது. லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் இருவரும் 2002-இல் பெரியவர்களிடம் ஜிப்பு, பூட்டு போன்ற அன்றாடப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று எவ்வளவு தெரியும் என மதிப்பெண் போடச் சொன்னார்கள். தாராளமாகப் போட்டார்கள். பிறகு, ஒவ்வொரு படியாக எழுதிக் காட்டுங்கள் என்றதும் திணறி, தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். நாலரை வயதுப் பிள்ளை நமக்குத் தினமும் வைப்பது இந்தப் பரீட்சையைத்தான். தாத்தா நாற்பது வருடம் மரம் வெட்டியவர், விடியற்காலையில்தான் பால் வழியும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. வேர்த் தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது என்பது அவர் தொழிலுக்குத் தேவைப்படவில்லை.

அந்த இடத்தில் அவர் செய்தது மிகச் சரி. தெரியாது என்று சொன்னார், யாரைக் கேட்கலாம் என்றும் சொன்னார். ‘வாய மூடு’ என்பதும் ‘அது அப்படித்தான்’ என்பதும் பிள்ளைக்கு ஒரே பொருள்தான் தருகின்றன: இந்த ஆளிடம் காரணம் இல்லை. ‘தெரியல’ என்பதோ காரணம் ஒன்று உண்டு, அது வேறெங்கோ இருக்கிறது என்று சொல்கிறது. (விடை வேண்டுமென்றால்: மரத்துக்குள் வேரிலிருந்து இலைவரை அறுபடாத நூல்போல் தண்ணீர் நிற்கிறது. வெயிலில் இலையிலிருந்து ஒரு துளி ஆவியாகும்போது பின்னால் இருப்பதை இழுக்கிறது, அது தனக்குப் பின்னால் இருப்பதை இழுக்கிறது. பிள்ளைக்கு ‘இலை இழுக்குது’ என்பது போதும். பிறகு ‘இலை ஏன் இழுக்குது’ வரும்.)

எல்லா ‘ஏன்’னும் இப்படிப்பட்டதல்ல. பாசார் மாலாமில் ‘ஏன் எனக்கு பலூன் வாங்கித் தரல?’ என்பது கேள்வி வடிவில் வந்த சண்டை. படுக்கப் போகும்போது வரும் ‘ஏன்’ பல சமயம் விளக்கை அணைக்காமல் இருக்கச் செய்யும் உபாயம். கண்டுபிடிப்பது முன்பு சொன்ன அதே வழியில்தான். நல்ல காரணத்தைச் சொல்லிப் பாருங்கள். ‘பலூனுக்குக் காசு இல்ல, மீனுக்குத்தான் வச்சிருக்கேன்’ என்று சொன்ன பிறகும் கேள்வி அதே இடத்தில் நின்றால் அவனுக்கு வேண்டியது பலூன், காரணம் அல்ல. அதற்கு நாலு முறை விளக்கம் சொல்லத் தேவையில்லை. படுக்கையில் கேட்பவள் பதிலைக் காதில் வாங்காமலேயே அடுத்த கேள்விக்குத் தாவுவாள், கேள்விகளுக்குள் தொடர்பும் இருக்காது. ‘காலையில சொல்றேன்’ என்றால் போதும். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தால் காலையில் மறக்காமல் வந்து கேட்பாள்.

அபூர்வமாக வேறொன்றும் பார்க்கிறோம். திருப்தியான பதில் சொன்ன பிறகும் அதே கேள்வி, அதே சொற்களில், நாள் கணக்கில், அதே பதில் வந்தால்தான் மனம் அமைதியாகிறது என்பதுபோல் வந்துகொண்டிருக்கும். ஏதாவது பயம் உள்ளே இருந்தால் அப்படி வரலாம். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளிடமும் காணப்படுகிறது. அதோடு பேச்சு வளர்ச்சியிலோ பழகுவதிலோ வேறு கவலையும் இருந்தால், கிளினிக் கெசிஹாத்தானில் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் நாளில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வெறும் கேள்வி அதிகம் என்பதற்காக அங்கே போக வேண்டாம்.

கேள்வியே கேட்காத பிள்ளைகளைப் பற்றியும் பெற்றோர் கேட்பதுண்டு. மேரி கோவெய்ன், ராபர்ட் மன்ரோ, ஹெய்டி பீப் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பெலீஸ், கென்யா, நேபாளம், அமெரிக்க சமோவா ஆகிய நான்கு இடங்களில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பேச்சை 1970-களின் கடைசியில் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். செய்தி கேட்கும் கேள்விகள் அவர்களிடம் நிறையவே இருந்தன. காரணம் கேட்கும் ‘ஏன்’ மட்டும் மிகக் குறைவு. அந்தப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியவரைப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்பது எந்த வீட்டில் சாதாரணம், எந்த வீட்டில் வாய்த்துடுக்கு என்பது இடத்துக்கு இடம் மாறும். லயத்து வீடுகளில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்பாவிடம் கேட்டால் அடி விழும், பாட்டியிடம் கேட்டால் கதை கிடைக்கும். வேலை செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் நிறைய.

கேட்பது ஆளைப் பொறுத்து மட்டுமல்ல, இடத்தையும் பொறுத்தது. பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் இருவரும் இங்கிலாந்தில் நாலு வயதை ஒட்டிய 30 சிறுமிகளின் பேச்சை வீட்டிலும் பாலர் பள்ளியிலும் பதிவு செய்தார்கள். வீட்டில் அம்மாவிடம் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள். பள்ளியில் ஆசிரியரிடம் 2. அதே பிள்ளைகள்தான். பள்ளியில் ஒரு ஆசிரியருக்குப் பல பிள்ளைகள், கேட்பது பெரும்பாலும் ஆசிரியர், பதில் சொல்வது பிள்ளை. என் வகுப்பும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் “இவ கிளாஸ்ல கேள்வியே கேக்க மாட்டேங்குறாளே டீச்சர்?” என்று கேட்கும் அம்மாவிடம் நான் முதலில் விசாரிப்பது, மோட்டாரில் முன்னால் உட்கார்ந்து வரும்போது அவள் என்ன பேசிக்கொண்டு வருகிறாள் என்பதைத்தான்.